ஸ்ரீகரனின் ஒரு நாளைப் படம் எடுத்தபோது

என் தம்பி ஜெரமியை ஓர் ஆள் ஸ்டியரிங் லாக்கால், காரைப் பூட்டும் அந்த இரும்புத் தடியால், அடித்து ரோட்டில் சாய்த்தான். அந்த ஆளை ஸ்ரீகரன் ஹெல்மெட்டால் அடித்துச் சாய்த்தான். சாய்த்த பிறகும் அடித்தான். ஒரு சாப்ட்வேர் இன்ஜினியரின் சாதாரண நாளைக் காட்டும் நாலு நிமிஷ வீடியோவுக்காகப் போன இடத்தில் இவ்வளவும் நடந்தது. அதைப் படம் பிடிக்கும் வேலைக்கு ஜெரமியைச் சேர்த்துவிட்டவள் நான்.

ஸ்ரீகரன் என் பக்கத்து மேசை. கிளினிக்குகளில் நோயாளிகளுக்கு வரிசை நம்பர் கொடுக்கிற, அப்பாயின்ட்மென்ட் வைக்கிற சாப்ட்வேர் செய்கிற கம்பெனி எங்களுடையது. ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. அவன் எழுதுவான், நான் அதை உடைத்துப் பார்ப்பேன். டெஸ்டர் என்றால் அதுதான் வேலை. நான் கண்டுபிடிக்கிற தப்புக்கு முகம் சுளிக்காத ஒரே ஆள் அவன்தான். "நல்லதாப் போச்சு கிளாடிஸ், கிளினிக்ல வெடிக்காம இங்கயே வெடிச்சுச்சு" என்பான். வீடு புக்கிட் மெர்தாஜாமில். அப்பா விநாசித்தம்பி ரயில்வேயில் கிராணியாக, கணக்கு எழுதுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம். மனைவி பிரியந்தி டீச்சர். அவன் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

வீடியோ யோசனை ஹன்னாவுடையது. ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவள். புதிய இன்ஜினியர்கள் எல்லாரும் பாயான் லெப்பாஸ் பக்கம் பெரிய கம்பெனிகளுக்கே ஓடுகிறார்கள், நம் பக்கமும் திரும்ப வேண்டும் என்று, "ஒரு இன்ஜினியரின் ஒரு நாள்" எடுக்கலாம் என்றாள். அவள் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்டில் ஸ்ரீகரன் காலையில் ஜிம்முக்குப் போனான், காப்பிக்கு மேல் நுரையில் பூப் போட்டார்கள், மத்தியானம் பீன் பேக்கில் படுத்துக்கொண்டு சிரித்தான்.

ஸ்ரீகரன் படித்துவிட்டுச் சொன்னான்: "இதுல நான் எப்ப வேலை பாக்கறேன்?"

"ஒரு ஷாட் இருக்கு லா. லேப்டாப்ல டைப் பண்றீங்க."

"என்ன டைப் பண்றேன்?"

ஹன்னா ஸ்கிரிப்டைப் புரட்டினாள். தானே எழுதித் தருவதாக ஸ்ரீகரன் சொன்னான். இரண்டு பத்தியாகப் பிரித்தான். இடது பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலது பக்கம் காதுக்குக் கேட்பது. பேச்சை அப்புறம் தனியாகப் பதிவு செய்து படத்தின் மேல் போடுவது என்று ஜெரமி சொல்லிக்கொடுத்திருந்தான். காலையில் மோட்டார் சைக்கிளைத் தட்டி எழுப்புவது, பட்டர்வொர்த்தில் கடலைக் கடக்கும் பெரியில் ஏறுவது, இந்தப் பக்கம் இறங்குவது, காலைக் கூட்டத்தில் எல்லாரும் நின்றபடி பேசுவது, ஒரு பிழை, அந்தப் பிழையோடு மல்லுக்கட்டுவது, சாப்பாடு, சரிசெய்ததை ஏற்றுவது, திரும்பிப் போவது, கடைசியில் இந்த வேலை தனக்கு என்ன ஆனது என்று அவன் யோசித்துச் சொல்லும் அரை நிமிஷம். வீட்டு வாசலைக் காட்டக் கூடாது, தெருப் பெயர் தெரியக் கூடாது என்று ஓரத்தில் குறித்திருந்தான். "பிரியந்தி தனியா இருக்கற நேரம் அது. ஊருக்கே எதுக்குக் காட்டணும்?"

ஒரு நாள் என்று பேர். எடுத்தது இரண்டு நாள். இந்த மாதிரி வீடியோக்கள் எல்லாமே அப்படித்தான் என்றான் ஜெரமி. முதல் நாள் ஆபீஸ்.

அதற்கு முன்பே நான் ஒரு நாள் முழுக்கப் பொய் நோயாளிகளை உருவாக்கிவைத்தேன். உண்மையான நோயாளி ஒருவர் பெயர்கூட திரையில் வரக் கூடாதல்லவா, அதனால் சோதனைக்கென்று இருக்கும் தனி சர்வரில் கற்பனைப் பெயர்களை ஏற்றினேன். ஸ்ரீகரன் அறிவிப்புகளை எல்லாம் அணைத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் ஜெரமி முகம் வரலாமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினான். பிழையை மட்டும் ஸ்ரீகரன் பொய்யாக வைக்க மறுத்துவிட்டான். அப்போது எங்களுக்கு நிஜமாகவே ஒன்று இருந்தது: ஒரு கிளினிக்கில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு மெஷினில் நம்பர் எடுத்தால், எப்போதாவது ஒரு தடவை, இருவருக்கும் ஒரே நம்பர் வந்துவிடும். ஒரு மெஷின் கடைசி நம்பரைப் படித்து, ஒன்றைக் கூட்டி, எழுதுவதற்குள் இன்னொரு மெஷினும் அதே கடைசி நம்பரைப் படித்துவிடும். பத்துத் தடவை வராது, பதினோராவது தடவை வரும். அவன் முதலில் அந்தத் தப்பை வேண்டுமென்றே வரவைக்கும் ஒரு சோதனையை எழுதினான். தப்பு வருகிறது என்று காட்டி அது சிவப்பாக விழுந்தது. பிறகு ஒரே நாளில் ஒரே நம்பரை இரண்டு தடவை டேட்டாபேஸே ஏற்காதபடி செய்து, மறுக்கப்பட்டவருக்கு அடுத்த நம்பரை வாங்கித் தரும்படி திருத்தினான். பச்சை வந்தது. ஜெரமி அவன் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தான்; பச்சை வந்தபோது அவன் சிரிக்கக்கூட இல்லை, கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "அண்ணே, அதுதான் ஷாட்" என்றான் ஜெரமி.

சாயங்காலம் ஜன்னல் ஓரம் உட்காரவைத்து அந்தக் கடைசி அரை நிமிஷத்தையும் எடுத்தார்கள். ஸ்ரீகரன் சொன்னான்: "இந்த வேலை எனக்குப் பொறுமையைக் கத்துக்குடுத்துச்சு. ஒரு விஷயம் தப்பாப் போனா கத்திப் பிரயோஜனம் இல்ல, அடிச்சும் பிரயோஜனம் இல்ல. உக்காந்து, எங்க தப்புன்னு பாக்கணும்." ஹன்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே டேக்.

மறுநாள் காலை பயணக் காட்சிகள். மோட்டாரின் ஹேண்டில் பாரில் ஒரு சின்னக் கேமரா, ஸ்ரீகரனின் முகத்தைப் பார்த்தபடி. கிளம்பும்போதே ஓடவிட்டால் ஆபீஸ் வரும்வரை அது தானாக எடுத்துக்கொண்டிருக்கும். பெரி முனையத்துக்குள் பெரிய கேமராவை வைக்க அனுமதி கேட்டு ஹன்னா அனுப்பியதற்குப் பதில் வரவில்லை. அதனால் ஜெரமி பெங்காலான் வெல்ட்டில், வெளியே பொது ரோட்டோரம் நின்றான். மோட்டார்கள் கூட்டமாக இறங்கி வெளியே வரும் இடத்தைத் தூரத்திலிருந்து பிடிக்க நீளமான லென்ஸ் போட்டிருந்தான். நான் ஆபீசுக்கு நடந்து வருகிற வழி அது. அவனுக்குக் குடிக்க ஒரு தே தாரிக், ஆற்றிய பால் டீ, வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. ஜெரமிக்கு அது படத்தின் வெறும் முன்புலம். ஓரத்தில் மங்கலாக ஒரு கார் இருந்தால் படத்துக்கு ஆழம் கிடைக்கும் என்பான். காருக்குள் ஓர் ஆள் தன் மனைவியை அடித்துக்கொண்டிருந்தான். ஜெரமி கவனிக்கவில்லை. அவன் கண் பெரி வாசலில் இருந்தது. ஆனால் அந்த ஆள் நிமிர்ந்தபோது அவன் கண்ணுக்குத் தெரிந்தது, தன்னை நோக்கி நீட்டியிருக்கும் ஒரு லென்ஸ்.

நான் தூரத்திலிருந்து பார்த்தது கார் கதவு திறந்ததை. ஓர் ஆள் ரோட்டைக் கடந்தான். கையில் மஞ்சள் நிறத்தில் ஏதோ இருந்தது. குடை என்று நினைத்தேன்.

"என்னடா எடுக்கற? யாரு அனுப்புனா?"

ஜெரமி கண்ணை லென்ஸிலிருந்து எடுத்துத் திரும்பினான். "அண்ணே, இல்லண்ணே, அங்க மோட்டார..." சொல்லி முடிக்கவில்லை. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடி முகத்தில். அந்தச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கோழி வெட்டுகிற பலகையில் கத்தி இறங்குகிற சத்தம். என் தம்பி முட்டி மடங்கி விழுந்தான். முக்காலி அவன் மேல் சரிந்தது. அந்த ஆள் கேமராவை ஒரு உதை விட்டான், பிறகு ஜெரமியின் விலாவில் ஒன்று, இன்னொன்று. நான் கத்தினேன். தே தாரிக் எப்போது கையை விட்டுப் போனது என்று தெரியாது. கூட்டம் நின்றது. நின்று பார்த்தது.

அப்போதுதான் பெரியிலிருந்து மோட்டார்கள் இறங்கி வந்தன. ஸ்கிரிப்டின்படி ஸ்ரீகரன் கேமராவைப் பார்க்காமல் நேராகப் போக வேண்டும். அவன் பார்த்தான். மோட்டாரை ஸ்டாண்ட் போடக்கூட இல்லை, அப்படியே சாய விட்டுவிட்டு ஓடி வந்தான். ஓடும்போதே ஹெல்மெட்டைக் கழற்றினான். அந்த ஆள் திரும்பி லாக்கை வீசினான். அது ஸ்ரீகரனின் முழங்கையில் பட்டது. ஸ்ரீகரன் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து அவன் முகத்தில் இறக்கினான்.

ஒரே அடியில் அந்த ஆள் உட்கார்ந்துவிட்டான். லாக் கையை விட்டு உருண்டு சாக்கடைப் பக்கம் போனது. அவன் ஒரு கையைத் தூக்கினான், போதும் என்பதுபோல. ஸ்ரீகரன் மறுபடி அடித்தான். தாடை விலகுவது எனக்குத் தெரிந்தது. மறுபடி அடித்தான். ஹெல்மெட்டின் கண்ணாடி உடைந்து ஸ்ரீகரனின் விரலையே கிழித்தது, அவன் நிறுத்தவில்லை. அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது, வார்த்தை இல்லை. நான் ஜெரமியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் "நிறுத்து" என்று சொல்லவில்லை. இன்னும் அடி என்றுதான் எனக்குள் ஓடியது. இரண்டு மோட்டார்க்காரர்கள் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத்தான் அவனை இழுத்தார்கள்.

காரிலிருந்து அந்தப் பெண் ஓடி வந்தாள். எங்களைத் தாண்டிப் போய்ப் புருஷனின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

ஜெரமிக்குக் கன்ன எலும்பு முறிந்தது. இடது கண்ணுக்குள் ரத்தம் கட்டியது; ஆப்பரேஷன் செய்தும் அந்தக் கண்ணில் பார்வை ஓரமாகத்தான் திரும்பியது. விலாவில் விரிசல். அந்த ஆளுக்குத் தாடை இரண்டு இடத்தில் போயிருந்தது. கம்பி போட்டு வாயைக் கட்டிவிட்டார்கள். இருவரும் ஒரே ஆஸ்பத்திரி. ஸ்ரீகரனைப் பாலாய்க்கு, போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள், வாக்குமூலம் வாங்கினார்கள், சாயங்காலம் போலீஸ் ஜாமீனில் விட்டார்கள். ஜெரமியின் பெரிய கேமரா லென்ஸ் நொறுங்கியும் விழுந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. அதில் அந்த ஆள் லாக்கோடு ரோட்டைக் கடந்து வந்ததும், அடி விழுந்த சத்தமும் முழுசாக இருந்தன. பிறகு முக்காலி சரிந்து, வானமும் மின்கம்பியும்தான்.

ரோட்டில் கிடந்த ஸ்ரீகரனின் மோட்டாரை நகர்த்தியது நான். ஹேண்டில் பாரில் சின்னக் கேமரா சிவப்பு விளக்கோடு இன்னும் எடுத்துக்கொண்டிருந்தது. கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன். திருட வேண்டும் என்று போடவில்லை, தம்பியின் பொருள் என்றுதான் போட்டேன். ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது எடுத்து ஓடவிட்டுப் பார்த்தேன். மோட்டார் சாய்ந்த கோணம் சரியாக அவர்களைப் பார்த்தபடி அமைந்திருந்தது. லாக் உருள்வது இருந்தது. தூக்கிய கை இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததும் எல்லாம் இருந்தது.

இதற்கிடையில் யாரோ போனில் பிடித்த துண்டு ஊர் முழுக்கச் சுற்றியது. அதில் ஸ்ரீகரனின் முகமும் கம்பெனி சட்டையும். பாதிப் பேர் ஹீரோ என்றார்கள், பாதிப் பேர் ரவுடி என்றார்கள். ஒரு வாரம் கழித்து அவன் ஆபீஸ் வந்தான். முழங்கையில் கட்டு. ஹன்னா தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"ஸ்ரீ, ரோட்டு சீனெல்லாம் வெட்டிரலாம். ஆபீஸ் பார்ட் நல்லா இருக்கு. கொஞ்ச நாள் கழிச்சு அத மட்டும் விடலாமா? அந்தக் கடைசிப் பேச்சு, பொறுமையைப் பத்தி..."

ஸ்ரீகரன் எழுந்தான். எதிரே இருந்த மானிட்டரில் முஷ்டியால் ஓங்கிக் குத்தினான். திரை உள்ளுக்குள் வெடித்துக் கறுப்பு மை பரவியது போல் ஆனது. ஹன்னா பின்வாங்கி என் நாற்காலியில் மோதினாள். அவள் முகத்தில் இருந்தது பயம். ஸ்ரீகரன் அந்தப் பயத்தைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான், அது யாருடைய கை என்பது போல. "மன்னிச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

நான் பின்னாலேயே போனேன். கடற்கரைப் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

"வீட்லயும் இப்படித்தான் கிளாடிஸ். நேத்து அலமாரிக் கதவ சாத்துனேன். பிரியந்தி சொல்றா, 'நீங்க கதவு சாத்துற சத்தத்துக்கே எனக்கு உடம்பு நடுங்குது'ன்னு. அஞ்சு வருஷமா என்கூட இருக்கறவ."

அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துச் சொன்னேன்: "நீ என் தம்பியைக் காப்பாத்துன. நீ அவன அடிக்க அடிக்க எனக்கு... எனக்கு நல்லா இருந்துச்சு ஸ்ரீ. இன்னும் ரெண்டு போடுன்னுதான் நினைச்சேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. "அப்ப உனக்கும் அந்த ருசி தெரியும்" என்றான்.

கைப்பையைத் திறந்து கேமராவைக் காட்டினேன். "இதுல எல்லாம் இருக்கு. அவன் கைய தூக்குனது, அதுக்கப்புறம் நீ... போலீசுக்கு இது இருக்கறதே தெரியாது. கார்டை உடைச்சுக் கடல்ல போட்டுட்டா முடிஞ்சுச்சு. சரின்னு மட்டும் சொல்லு."

கேமராவை வாங்கினான். அங்கேயே நின்று, அந்தச் சின்னத் திரையில், முழுசாகப் பார்த்தான். தலையைத் திருப்பவில்லை.

"நான் நினைச்சுக்கிட்டிருந்தது, அவன் கைல லாக் இருந்துச்சு, அதான் அடிச்சேன்னு. வாக்குமூலத்துலயும் அப்படித்தான் சொல்லிருக்கேன். பொய் சொல்லணும்னு சொல்லல. அப்படித்தான் ஞாபகம்." கேமராவை அணைத்தான். "பாலாய்க்குப் போலாம். நீயும் வா."

சூலியா தெருவில் ஒரு மாடியில் சிக்கந்தர் என்று ஒரு வக்கீல். முதலில் அவரிடம் போனோம். அவர் பார்த்துவிட்டு நெற்றியைத் தடவினார்.

"தம்பி, ஆயுதம் அவன் கைல இருந்த வரைக்கும் தற்காப்பு. கைய விட்டுப் போன பிறகு அடிச்சதெல்லாம் உங்க கணக்கு. இத அழிக்கச் சொல்ல மாட்டேன், அழிச்சா அது தனிக் கேஸ். ஆனா இத குடுத்தா உங்க மேல சார்ஜ் வரும். தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரியும் அண்ணே."

"சரி. அப்ப இன்னொன்னு. ஆபீஸ்ல எடுத்த வீடியோ ஒன்னு இருக்காமே? பொறுமை அது இதுன்னு பேசிருக்கீங்களாம். தண்டனையைக் குறைக்கச் சொல்லும்போது கோர்ட்ல காட்டலாம். முந்தின நாள் எடுத்தது. நல்லா எடுபடும்."

"வேணாம்" என்றான் ஸ்ரீகரன். "அத எடுத்த அன்னிக்கு நான் சொன்னது எனக்கே தெரியாத விஷயம்."

அங்கிருந்து பாலாய்க்குப் போய்க் கேமராவைக் கொடுத்தோம். இன்ஸ்பெக்டர் ஏன் இத்தனை நாள் என்று என்னைத்தான் குடைந்தார். வாக்குமூலத்தை ஸ்ரீகரன் திருத்திச் சொன்னான். இரண்டு கேஸ் ஆனது: அந்த ஆள் மேல் ஆயுதத்தால் காயப்படுத்தியதற்கு, ஸ்ரீகரன் மேல் வேண்டுமென்றே காயப்படுத்தியதற்கு. கம்பெனி அவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் ஒரு நாள் மேலாளர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார், அவன் ராஜினாமாக் கடிதத்தோடு வெளியே வந்தான்.

கோர்ட்டில் முதல் நாள், வெளி வராந்தாவில் காரிலிருந்து ஓடி வந்த அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். பெயர் ரீத்தா என்று சாட்சிகளைக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. ஜெரமியை அடித்த நாளில், காரில் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அவள் போலீசிடம் சொல்லியிருந்தாள். தலையில் துப்பட்டாவைச் சுற்றி வெயிலுக்கு என்பதுபோல் போட்டிருந்தாள். ஸ்ரீகரன் அவளைத் தாண்டிப் போக முடியாமல் நின்றான்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர... நான் அப்படி அடிச்சிருக்கக் கூடாது."

அவள் நிமிரவில்லை. தரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "வாய் கட்டியிருந்துச்சு அவருக்கு. பேச முடியல. சாப்பிட முடியல. ஸ்ட்ரால உறிஞ்சணும். அந்தக் கோபம் எல்லாம் எங்க போகும்?" துப்பட்டாவை விலக்கினாள். காதுக்குக் கீழிருந்து கழுத்து வரைக்கும் கன்றிப் பழுத்து மஞ்சளாகியிருந்தது. அதற்கு மேல் புதிதாக நீலம். "நீங்க போட்டதுக்கெல்லாம் எனக்குத் திருப்பிக் குடுத்தாரு. ஒவ்வொரு நாளும். பாத்திரத்தால, பெல்ட்டால."

ஸ்ரீகரன் அப்படியே சுவரோரம் குந்திவிட்டான். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குள் இருந்த அந்த "நல்லா இருந்துச்சு" அந்த இடத்தில்தான் செத்தது.

"உள்ள போய் அவருக்குச் சாதகமா பேசணும்னு சொல்லிருக்காரு" என்றாள். "காருக்குள்ள ஒன்னும் நடக்கலன்னு."

ஜெரமியும் வந்திருந்தான், கறுப்புக் கண்ணாடியோடு. அவன்தான் சொன்னான்: "அக்கா, நடந்துச்சு. நான் பாக்கல, ஆனா என் கேமரா பாத்துச்சு. பெரிக்காகப் பிடிச்ச ஷாட்ல ஓரத்துல உங்க கார் இருக்கு. மங்கலாத்தான் இருக்கும், ஆனா தெரியும். அவர் கை ஏறி இறங்கறது தெரியும். போலீஸ்ல அதத்தான் வெச்சிருக்காங்க. யாரும் அந்த ஓரத்தப் பாத்திருக்க மாட்டாங்க, எல்லாரும் அவர் லாக்கோட வந்ததத்தான் பாத்திருப்பாங்க."

ரீத்தா முதல் தடவையாக நிமிர்ந்தாள். "அத யாராச்சும் பாக்க வைக்க முடியுமா?"

"நீங்க புகார் குடுத்தா முடியும்" என்றேன். "நான் கூட வர்றேன்."

அன்றைக்கே போகவில்லை. சாட்சி விசாரணை வேறு நாளுக்குத் தள்ளிப்போனதால் அன்று அவள் உள்ளே பேச வேண்டி வரவில்லை. இரண்டு நாள் கழித்து ரீத்தாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. மாக் மண்டினில் ஒரு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாள், கையில் ஒரு துணிப்பையோடு, ஒரு கால் செருப்பில்லாமல். முந்தின அடியில் முன்பல் ஒன்று போயிருந்தது. நேராக ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து பாலாய்க்கு. அதே இன்ஸ்பெக்டர். ஜெரமியின் காட்சியை மறுபடி ஓடவிட்டார்கள். இந்தத் தடவை வேறு ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிழல் இன்னொரு நிழலின் முடியைப் பிடித்து டாஷ்போர்டில் மோதியது. இன்ஸ்பெக்டர் நிறுத்தினார், பின்னால் ஓட்டினார், மறுபடி பார்த்தார். ரீத்தா மட்டும் திரையைப் பார்க்கவில்லை. சமூகநல அதிகாரிகள் வந்தார்கள். அந்த ஆள் கிட்டே நெருங்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. அவள் அக்கா வீட்டுக்கு அலோர் ஸ்டாருக்குப் போனாள்.

ஜெரமியை அடித்த கேஸ், ரீத்தாவின் கேஸ் இரண்டிலும் சேர்த்து அந்த ஆளுக்குச் சிறை. ஸ்ரீகரன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதம் போட்டார்கள், இரண்டு வருஷத்துக்கு நன்னடத்தை என்று எழுதி வாங்கினார்கள். மாஜிஸ்ட்ரேட் ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார். இல்லை என்றான். பிரியந்தி பின் வரிசையில் இருந்தாள். வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் பிடித்தபடியே நடக்க அவன் விட்டான்.

இப்போது அவன் வேலை மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில். மெஷின்கள் அனுப்பும் தகவலைச் சேகரிக்கிற சாப்ட்வேர். கோபத்துக்கென்று ஓர் ஆலோசகரிடமும் போகிறான். பிரியந்தி கண்டுபிடித்த இடம். ஜெரமி ஒற்றைக் கண்ணை நம்பித்தான் போகஸ் வைக்கிறான், கல்யாணங்களைப் படம் எடுக்கப் போகிறான். அடிக்கடி தலைவலி.

போன மாசம் ஜெரமி அந்த ஆபீஸ் காட்சிகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கம்பெனிக்கு வேண்டாமென்றால் தனக்கு வேண்டும், செய்த வேலை பாதியில் கிடக்கக் கூடாது என்றான். ஆனால் அந்தக் கடைசிப் பேச்சைப் போட முடியாது. அதற்குப் பதில் புதிதாக ஒன்று பேசித் தரும்படி ஸ்ரீகரனிடம் கேட்டான். நானும் போனேன், மைக் பிடிக்க.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். தொழிற்சாலை வேலிக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடி. லாரி ஒன்று ஹாரன் அடித்து முதல் டேக்கைக் கெடுத்தது. இரண்டாவது தடவை ஸ்ரீகரன் லென்ஸைப் பார்த்துப் பேசினான்.

"நான் சாப்ட்வேர் இன்ஜினியர். காலைல எந்திரிச்சு, வேலைக்குப் போய், தப்பைத் தேடித் திருத்தி, வீட்டுக்குப் போறது என் நாள். ஒரு நாள் போற வழியில ஒருத்தன அடிச்சேன். அவன் கைய தூக்குனத நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் அடிச்சேன். அந்த அடி என் கையோட நிக்கல. அவன் வீட்டுக்குப் போச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "அதத் திருத்த எனக்கு எந்தச் சோதனையும் எழுதத் தெரியல. அடுத்த தடவை கை ஏறுறப்ப நிறுத்த முடியுமான்னு தினமும் பழகறேன். இன்னிக்கு வரைக்கும் முடிஞ்சிருக்கு."

ஜெரமி கேமராவை நிறுத்தவில்லை. "ரீத்தா அக்கா பேர வேணும்னா சொல்லாம..."

"சொல்லல."

"ஆமா. சொல்லல." கண்ணாடியைக் கழற்றிச் சரியாகத் தெரிகிற கண்ணால் திரையைப் பார்த்தான். "இத வெளிய விட்டா அண்ணே, திரும்ப ஆரம்பிப்பாங்க. ஹீரோ, ரவுடி..."

"தெரியும். நீ முடிச்சிரு. விடறதா வேணாமான்னு பிரியந்தியக் கேட்டுச் சொல்றேன்."

சைரன் ஊதியது. ஸ்ரீகரன் எழுந்து, தட்டைக் கழுவிவைத்துவிட்டு உள்ளே போனான். பிரியந்தி இன்னும் பதில் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.